அட்டையில் எழுதிக் கொடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய போன், லேப்டாப்பை வாங்கிச் சரிசெய்து விற்கும் கடைக்காரர்களோடு பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கடைக்குள் வருபவர் மனதில் இரண்டு கேள்விகள் இருக்கும். இது திருட்டுப் போனா? ஒரு மாதத்தில் படுத்துவிட்டால் யாரைப் பிடிப்பது? நம் பலகையிலோ 'புதுசு போலவே' என்று எழுதியிருக்கும். அதை முதலில் எடுத்துவிடுங்கள். புதுசு என்று சொன்னால் அவர் கண் கீறலைத்தான் தேடும்.

அதற்குப் பதில் ஒவ்வொரு பொருளோடும் ஓர் அட்டை கொடுங்கள். அலுவலகத்தில் மூன்று வருடம் ஓடிய லேப்டாப் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். புதிதில் 50,000 மில்லிவாட் மணி, இப்போது முழு சார்ஜில் 39,000 என்று காட்டுகிறது. 78 சதவீதம். அதை அப்படியே எழுதுங்கள். 'எஸ்எஸ்டி புதிதாகப் போட்டது, மூடியின் இடது மூலையில் கீறல்' என்பதையும் சேருங்கள். குறையை நீங்களே முதலில் சொன்னால், மற்றதைச் சொல்லும்போதும் நம்புவார்.

பேட்டரியை மாற்றியிருந்தால் அது கம்பெனி பேட்டரியா, வெளி பேட்டரியா என்பதையும் எழுத வேண்டும். சமீபத்திய ஐபோன்களில் மாற்றிய பாகத்தை செட்டிங்ஸே காட்டிவிடும். மறைத்தால் வீட்டுக்குப் போய்க் கண்டுபிடிப்பார்.

திருட்டுப் பயத்துக்கும் வழி உண்டு. போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். KYM என்று அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போனின் நிலை பதிலாக வரும். முடக்கப்பட்ட போன் என்று வந்தால் விற்காதீர்கள். நீங்கள் பழைய போனை வாங்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். விற்கும்போது வாடிக்கையாளர் கையாலேயே இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள்.

சரி, வாரண்டிக்கு வருவோம். கடைக்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தலா 22,000 ரூபாய்க்கு 100 லேப்டாப் விற்று, ஆறு மாதத்தில் எட்டு திரும்பி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் 2,500 செலவு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 20,000. ஒரு லேப்டாப்புக்கு 200 ரூபாய்தான். பேரத்தில் ஆயிரம் குறைப்பதைவிட, இந்த 200-ஐ விலையில் சேர்த்து ஆறு மாத வாரண்டி கொடுப்பது நல்லது. தண்ணீர் பட்டது, கீழே விழுந்தது இதில் சேராது என்பதைப் பணம் வாங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், திரும்பி வந்த ஒவ்வொன்றையும் மாடல், பழுது, எத்தனையாவது மாதம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரே மாடலில் ஒரே கீல் மூன்று முறை உடைந்து வந்தால், அடுத்த லாட்டில் அந்த மாடலை வாங்காதீர்கள்.