அந்த ஒரு நிமிடத்தில் தாளில் என்ன எழுதுவது?

எல்லாருக்கும் வணக்கம். வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் நர்சிங் முடித்தவர்கள் என்று சொன்னார்கள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐயெல்ட்ஸ் வழியாகப் போகிறவர்களுக்குப் பேச்சுத் தேர்வில் 7 வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பேச்சுத் தேர்வு முழுதும் சேர்ந்தே 11 முதல் 14 நிமிடம்தான். அதில் நான் இன்றைக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு நிமிடம். அதிலும் நீங்கள் வாயே திறக்காத நிமிடம்.

தேர்வின் இரண்டாம் பகுதியில் தேர்வாளர் ஓர் அட்டையை உங்கள் கையில் கொடுப்பார். கூடவே ஒரு தாளும் பென்சிலும் தருவார். அட்டையில் ஒரு தலைப்பு இருக்கும், அதன் கீழே மூன்று சின்னக் குறிப்புகள் இருக்கும், கடைசியில் ‘ஏன் என்று விளக்குங்கள்’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். தலைப்பை மாற்றிக் கேட்க முடியாது. அட்டையின் மேல் எழுதவும் கூடாது. ஒரு நிமிடம் யோசித்துக் குறித்துக்கொள்ளலாம், அப்புறம் ஒன்று முதல் இரண்டு நிமிடம் நீங்கள் மட்டும் பேச வேண்டும். தேர்வாளர் இடையில் உதவ மாட்டார்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தங்கை, நல்ல இங்கிலீஷ் பேசுகிறவர், முதல் நாள் அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்தார் தெரியுமா? ‘நான் இப்போது பேசப் போகும் பொருள் என்னவென்றால்’ என்று இங்கிலீஷில் அழகாக ஒரு வாக்கியம் தொடங்கினார். நேரம் முடிந்தபோது தாளில் ஒன்றரை வாக்கியம் இருந்தது. பேசத் தொடங்கியதும் அந்த ஒன்றரை வாக்கியத்தை வாசித்தார். பத்து வினாடியில் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண வேகத்தில் இரண்டு நிமிடம் பேசினால் இருநூறு சொல்லுக்கு மேல் போகும். ஒரு நிமிடத்தில், யோசித்துக்கொண்டே, கையால் எத்தனை சொல் எழுத முடியும்? வீட்டில் எழுதிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வந்தால் நல்லது, இருபது வந்தால் உங்கள் கை வேகமான கை. ஆக, பேசப் போவதில் இருபதில் ஒரு பங்குக்குத்தான் தாளில் இடம். அந்த ஒரு பங்கு எது என்பதுதான் கேள்வி. என் பதில்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை எழுதாதீர்கள், பதற்றத்தில் மறந்துபோகக்கூடியதை எழுதுங்கள்.

இப்படிச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், எழுதும்போது மறுபடி பழையபடிதான் எழுதுவார்கள். அதனால் ஓர் அட்டையை எடுத்து முழுதாகப் பார்த்துவிடலாம். ‘உங்கள் குடும்பத்தில் நெடுநாளாக வைத்திருக்கும் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள். அது என்ன, எங்கிருந்து வந்தது, யார் பயன்படுத்தினார்கள் என்று சொல்லிவிட்டு, அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று விளக்குங்கள்.’ நம் ஊரில் பலருக்கும் உடனே ஞாபகம் வருவது பாட்டியின் தையல் மெஷின். அதையே வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலும் தாளில் என்ன எழுதுவார்கள்? தையல் மெஷின், பாட்டி, கிராமம், பிளவுஸ், முக்கியம். ஐந்து சொல், ஐந்தும் வீண். தையல் மெஷினைப் பற்றிப் பேசப் போகிறவர் ‘தையல் மெஷின்’ என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது பாட்டியுடையது என்பதும் மறந்துபோகாது. ‘முக்கியம்’ என்ற சொல்லைப் பார்த்து யாராலும் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச முடியாது.

இப்போது அதே நிமிடத்தை வேறு மாதிரி செலவிடுவோம். முதல் பத்து வினாடி பொருளைத் தேர்ந்தெடுக்க. முதலில் எது ஞாபகத்துக்கு வருகிறதோ அதுவே போதும். வெண்கல அண்டாவா, தையல் மெஷினா என்று தடுமாறிய ஒருவருக்கு நாற்பது வினாடி அதிலேயே போனதைப் பார்த்திருக்கிறேன். எது பெருமையான பொருள் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. எதைப் பற்றி உங்களிடம் ஒரு சம்பவம் இருக்கிறதோ, அதுதான் உங்களுக்கு நல்ல பொருள்.

அடுத்தது, தாளின் அடியிலிருந்து தொடங்குங்கள். அதாவது ‘ஏன்’ என்ற கடைசி வரிக்கான குறிப்பை முதலில் எழுதுங்கள். காரணம் இருக்கிறது. என்ன, எங்கிருந்து, யார் என்ற மூன்றும் ஆளுக்கு ஒரு வாக்கியம் கேட்கும் கேள்விகள். சும்மா பதில் சொன்னால் முப்பது வினாடியில் மூன்றும் முடிந்துவிடும். மீதி நேரம் முழுவதையும் தாங்கப் போவது ‘ஏன்’தான். ஆனால் மேலிருந்து எழுதிக்கொண்டு வருகிறவர்கள் அந்த வரிக்கு வரும்போது நிமிடம் முடிந்திருக்கும். கனமான பகுதியில் வெறும் தாளோடு நிற்பார்கள்.

நம் தையல் மெஷினுக்கு அடியில் இரண்டு சொல்: ‘ஃபீஸ்’, ‘சத்தம்’. ஃபீஸ் என்றால், அந்த மெஷினில் பிளவுஸ் தைத்துத்தான் பாட்டி அம்மாவின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினார். சத்தம் என்றால், ராத்திரி அந்தப் பெடல் சத்தத்தில்தான் வீட்டுப் பிள்ளைகள் தூங்குவார்கள். மற்றவருக்கு அந்த இரண்டு சொல்லைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. உங்களுக்கு ஒவ்வொன்றும் முப்பது வினாடி.

பிறகு மேலே போய் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரே சொல். என்ன என்பதற்கு ‘பெடல்’. கறுப்பு நிறம், மர மேஜை, காலால் மிதிப்பது எல்லாம் அதிலிருந்து தானாக வரும். எங்கிருந்து என்பதற்கு ‘செகண்ட்ஹேண்ட்’. கல்யாணமான புதிதில் பக்கத்துத் தெரு டெய்லர் கடையை மூடியபோது தாத்தா வாங்கி வந்தது. யார் என்பதற்கு ‘தீபாவளி’. அந்த ஒரு மாதம் தெருவே வந்து துணி கொடுத்துவிட்டுப் போகும். ஆக இதுவரை ஐந்து சொல். முன்பு எழுதியதும் ஐந்து சொல்தான்.

இன்னும் இருபது வினாடி இருக்கிறது என்று வையுங்கள். அதில் இரண்டு வேலை.

முதல் வேலை, வழியில் இருக்கும் பள்ளத்தைக் கண்டுபிடிப்பது. தையல் மெஷினைப் பற்றிப் பேசினால் நூல் சுற்றும் அந்தச் சின்ன உருளை நிச்சயம் வரும். அதற்கு இங்கிலீஷில் என்ன? பாபின். டெய்லர் கடையில் நாமும் அதையேதான் சொல்கிறோம், ஆனால் அது இங்கிலீஷ் சொல்தானா என்று அந்த நேரத்தில் சந்தேகம் வந்துவிடும். தெரியாவிட்டால் ‘நூலைப் பிடித்துக்கொள்ளும் சின்னப் பொருள்’ என்று இங்கிலீஷில் சுற்றிச் சொல்ல முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு சொல் தெரியாதபோது சுற்றிச் சொல்லிக் கடப்பதைத் தேர்வாளர் ஒரு திறமையாகவே பார்ப்பார். அதே சொல்லைப் பேச்சின் நடுவில் தேடி ஐந்து வினாடி நிற்பதுதான் சரளத்தைக் கெடுக்கும்.

இரண்டாவது வேலை, காலம். நம்மில் பலருக்குப் பழைய கதையை இங்கிலீஷில் தொடங்கும்போது வினைச்சொல் சரியாக இறந்தகாலத்தில் இருக்கும். நான்காவது வாக்கியத்தில் பாட்டி நிகழ்காலத்தில் தைக்க ஆரம்பித்துவிடுவார். தாளின் ஓரத்தில் ‘யூஸ்டு டு’ என்று பெரிதாக எழுதி வையுங்கள். கண் அதில் படும்போதெல்லாம் பாட்டி இறந்தகாலத்துக்குத் திரும்பிவிடுவார். இலக்கணத்துக்கும் மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு உண்டு. சரளமும் கோவையும், சொல்வளம், உச்சரிப்பு ஆகியவை மற்ற மூன்று கால் பங்குகள்.

குறிப்பைத் தமிழில் எழுதலாமா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். எழுதலாம். அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களே தவிர, அதற்கு மதிப்பெண் கிடையாது. ‘சத்தம்’ என்று தமிழில் எழுதினால் அந்தக் காட்சி வேகமாக வருகிறது என்றால் அப்படியே எழுதுங்கள். ஆனால் சொல்லாக வாயில் வர வேண்டியதை, பாபின், யூஸ்டு டு மாதிரி, இங்கிலீஷில் எழுதுங்கள். இல்லையென்றால் பேசும்போது மொழிபெயர்க்கும் வேலை சேர்ந்துகொள்ளும்.

பேசும்போது அந்தத் தாளை எப்படிப் பார்ப்பது? நம் பட்டிமன்றப் பேச்சாளர்கள் உள்ளங்கையில் துண்டுச் சீட்டு வைத்திருப்பார்களே, அவர்கள் அதைப் படிப்பதில்லை. ஒரு கருத்து முடிந்து கைதட்டு வரும் இடைவெளியில் ஒரு பார்வை, அவ்வளவுதான். நமக்குக் கைதட்டு கிடைக்காது, ஆனால் ஒரு குறிப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் மட்டும் பாருங்கள். வாக்கியத்தின் நடுவில் பார்த்தால் குரல் தட்டையாகி, படிக்கிற தொனி வந்துவிடும். வரிசை மாறினால் பரவாயில்லை. மூன்று குறிப்பில் ஒன்று விட்டுப்போனாலும் பதறாதீர்கள். எல்லாக் குறிப்புக்கும் பதில் சொன்னாரா என்று தனியாக ஓர் அளவுகோல் அங்கே இல்லை. தலைப்பை விட்டு வேறெங்கோ போகாமல் தொடர்ச்சியாகப் பேசினால் சரி.

ஒன்றேகால் நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டால்? அதற்காகத்தான் தாளின் மூலையில் உதிரியாக ஒரு சம்பவச் சொல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். இங்கே அது ‘பெல்ட்’. தீபாவளிக்கு முந்தின ராத்திரி மெஷினின் தோல் பெல்ட் அறுந்துபோய், தாத்தா அதைக் கம்பியால் கோத்துக் கட்டிக்கொடுத்த கதை. தேவைப்பட்டால் எடுப்பீர்கள், இல்லையென்றால் அது அங்கேயே கிடக்கும். இரண்டு நிமிடம் ஆனதும் தேர்வாளர் கையைக் காட்டி நிறுத்துவார். கதை பாதியில் நின்றுவிட்டதே என்று முகம் வாடி வெளியே வருகிறவர்கள் உண்டு. நிறுத்தினால் மதிப்பெண் குறையாது. நேரம் முழுவதும் பேசியிருக்கிறீர்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த நிமிடம் இல்லாத இங்கிலீஷைத் தராது. 5.5 அளவில் பேசுகிறவரைத் துண்டுச் சீட்டு 7க்குத் தூக்கிவிடாது. 7 அளவுக்குப் பேசத் தெரிந்தும், நாற்பதாவது வினாடியில் நின்றுபோய்க் கீழே இறங்குகிறவர்களுக்குத்தான் இது பயன்படும்.

சரி, நேரம் இருக்கிறது. உங்கள் நாற்காலியில் வைத்திருக்கும் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், பென்சில்தான். அட்டை இது: ‘யாரோ ஒருவர் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு வேலை.’ என்ன வேலை, யார் கற்றுக்கொடுத்தார், எப்படிக் கற்றீர்கள், இன்றைக்கு அது ஏன் உங்களுக்குப் பயன்படுகிறது. முன்வரிசையில் இருக்கிற அக்கா, உங்கள் பென்சில் இப்போதே தாளின் மேல்பக்கம் நிற்கிறது. கீழே கொண்டு வாருங்கள். மணி பார்க்கிறேன்.