டிபிஎன் நோயாளிக்குக் கொழுப்பு எவ்வளவு? புரோபோஃபாலையும் சேர்த்துப் போடும் கணக்கு

[திரையில்: தலைப்பு. பின்னணியில் 20% லிப்பிட் எமல்ஷன் பாட்டில்.]

வணக்கம். குடலுக்கு உணவு கொடுக்க இயலாத பெரியவர்களுக்குச் சிரை வழியாக முழு ஊட்டமும் செலுத்தும்போது, அதாவது டிபிஎன் கொடுக்கும்போது, லிப்பிட் எமல்ஷனின் அளவை எப்படிக் கணக்கிடுவது, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு உயர்ந்தால் என்ன செய்வது, அதைக் கேஸ் ஷீட்டில் எப்படி எழுதுவது என்பதை ஒரே ஒரு நோயாளியை வைத்து இந்த வீடியோவில் பார்ப்போம். இவர் கற்பனையான நோயாளி. ஆனால் ஐசியூவில் பணிபுரிபவர்களுக்கு இவரைப் போன்றவர்கள் புதியவர்கள் அல்ல.

[திரையில்: எடை 60 கிலோ. தேவை 1500 கிலோகலோரி. புரதம் 78 கிராம்.]

குடல் அறுவைக்குப் பின் தையல் கசிந்து, வென்டிலேட்டரில் இருக்கும் 60 கிலோ எடையுள்ள ஆண். கிலோவுக்கு 25 கிலோகலோரி என்ற கணக்கில் நாளொன்றுக்கு 1500 கிலோகலோரி தேவை எனவும், புரதம் 78 கிராம் எனவும் குழு முடிவு செய்திருக்கிறது. கொழுப்புக்குக் கிலோவுக்கு 1 கிராம், அதாவது நாளொன்றுக்கு 60 கிராம் என்பது இலக்கு. 20% எமல்ஷனில் 100 மி.லி.க்கு 20 கிராம் கொழுப்பு இருப்பதால், 60 கிராமுக்கு 300 மி.லி. என்று உடனே எழுதிவிடத் தோன்றும். தவறு நுழையும் இடம் இதுதான், ஏனெனில் இவருக்கு மயக்க நிலைக்காக 1% புரோபோஃபால் மணிக்கு 12 மி.லி. ஓடிக்கொண்டிருக்கிறது.

புரோபோஃபால் கரைந்திருப்பதே 10% கொழுப்புக் கலவையில்தான். அதன் ஒவ்வொரு மி.லி.யிலும் 0.1 கிராம் கொழுப்பும் ஏறத்தாழ 1.1 கிலோகலோரியும் இருக்கின்றன. மருந்துப் பட்டியலில் இருப்பதால் அதை யாரும் உணவாக நினைப்பதில்லை.

[திரையில்:
12 × 24 = 288 மி.லி.
288 × 0.1 = 28.8 கிராம்
60 − 28.8 = 31.2 கிராம்
31.2 ÷ 0.2 = 156 மி.லி.]

ஒரு நாளில் 288 மி.லி. புரோபோஃபால் வழியாக 28.8 கிராம் கொழுப்பு ஏற்கெனவே உள்ளே போகிறது. எனவே எமல்ஷனாகக் கொடுக்க வேண்டியது மீதமுள்ள 31.2 கிராம் மட்டுமே. அது 20% எமல்ஷனில் 156 மி.லி. கலோரியைக் கணக்கிடும்போது கொழுப்பு கிராமை 9ஆல் பெருக்க வேண்டாம். எமல்ஷனில் கிளிசராலும் பாஸ்போலிப்பிடும் சேர்ந்திருப்பதால், 20% எமல்ஷனுக்கு மி.லி.க்கு 2 கிலோகலோரி என்று எடுத்துக்கொள்வதே சரி. ஆக எமல்ஷனிலிருந்து 312, புரோபோஃபாலிலிருந்து 317, புரதத்திலிருந்து 312 கிலோகலோரி கிடைக்கின்றன. மீதி ஏறத்தாழ 559 கிலோகலோரியை டெக்ஸ்ட்ரோஸ் தர வேண்டும், கிராமுக்கு 3.4 என்று வகுத்தால் 164 கிராம்.

அடுத்தது வேகம். தனியாகத் தொங்கவிடும் எமல்ஷன் பாட்டிலைக் கிருமி பெருகும் அபாயம் கருதி 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 156 மி.லி.யை 12 மணி நேரத்தில் செலுத்தினால் மணிக்கு 13 மி.லி., அதாவது 2.6 கிராம் கொழுப்பு. புரோபோஃபாலின் 1.2 கிராமையும் கூட்டினால் 3.8 கிராம், எடையால் வகுத்தால் கிலோவுக்கு மணிக்கு 0.063 கிராம். பொதுவாகக் கடைப்பிடிக்கும் உச்ச வேகம் 0.11 என்பதால் இது பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கிறது.

[திரையில்: எமல்ஷன் காலை 10 முதல் இரவு 10 வரை. ரத்த மாதிரி காலை 6 மணி.]

பாட்டிலைத் தொடங்கும் நேரத்தையும் யோசித்தே முடிவு செய்ய வேண்டும். பல வார்டுகளில் எமல்ஷனை இரவில் போட்டுவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே காலை ஆறு மணிக்கு வழக்கமான ரத்தத்தை எடுத்துவிடுகிறார்கள். அப்போது வரும் எண், உடல் கொழுப்பை எவ்வளவு நன்றாக வெளியேற்றுகிறது என்பதைச் சொல்லாது. எமல்ஷன் முடிந்து குறைந்தது 4 முதல் 6 மணி நேரமாவது கழித்து எடுப்பது நல்லது. நம் நோயாளிக்கு இரவு 10 மணிக்கு முடிவதால், காலை மாதிரிக்கு 8 மணி நேர இடைவெளி கிடைக்கிறது. புரதம், டெக்ஸ்ட்ரோஸ், கொழுப்பு மூன்றும் கலந்து 24 மணி நேரமும் ஓடும் பை என்றால் இந்த இடைவெளி கிடைக்காது. ஓடும்போதே எடுத்து, அப்போதைய வேகத்தை எழுதிவைக்க வேண்டும்.

தொடங்கும் முன் எடுத்த ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 142 மில்லிகிராம். மூன்றாம் நாள் காலை 480. அதற்கு முந்தைய நாள் காலையில் நோயாளி அமைதியின்றி இருந்ததால் புரோபோஃபாலை மணிக்கு 20 மி.லி.க்கு உயர்த்தியிருந்தார்கள், எமல்ஷன் மட்டும் 156 மி.லி.யாகவே தொடர்ந்தது. புரோபோஃபாலின் 48 கிராமும் எமல்ஷனின் 31.2 கிராமும் சேர்ந்து 79.2 கிராம், அதாவது கிலோவுக்கு 1.32 கிராம். தீவிர சிகிச்சைக்கான ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லும் 1.5 கிராம் உச்சத்தை இது தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். உச்ச அளவு என்பது எல்லோராலும் தாங்க முடிந்த அளவு என்று பொருளல்ல. தொற்று தீவிரமாக உள்ளவரின் உடல் கொழுப்பை வெளியேற்றும் வேகமே குறைந்துவிடும்.

எதையும் மாற்றும் முன், மாதிரி சரியா என்று பார்க்க வேண்டும். எமல்ஷன் போகும் லைனிலிருந்தே ரத்தம் எடுத்திருந்தால் எண் பொய்யாக உயரும். இங்கே அது எதிர்க்கையிலிருந்து, முந்தைய எமல்ஷன் முடிந்த பின் எடுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே நம்பலாம். 400ஐத் தாண்டினால் கொழுப்பைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும் என்பதே நடைமுறை. 1000ஐ நெருங்கினால் கணைய அழற்சி அபாயம் இருப்பதால் புரோபோஃபால் உட்பட எல்லாக் கொழுப்பும் நிற்க வேண்டும்.

இவருக்கு எமல்ஷனை நிறுத்துகிறோம். மயக்க மருந்தை மாற்ற முடியுமா என்று ஐசியூ மருத்துவரிடம் கேட்கிறோம். இழந்த 312 கிலோகலோரியை டெக்ஸ்ட்ரோஸைக் கூட்டி ஈடுசெய்யத் தோன்றும், செய்ய வேண்டாம். உயர்ந்த புரோபோஃபாலே 528 கிலோகலோரி தருவதால் மொத்தம் 1399 வந்துவிடுகிறது. தவிர, மிகுதியான சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ட்ரைகிளிசரைடை மேலும் ஏற்றும். லைபேஸ், ரத்தச் சர்க்கரை, ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் ஆகியவற்றையும் பார்க்கிறோம். ரத்தத்தின் அமிலத்தன்மையும், தசைச் சிதைவைக் காட்டும் சிகே அளவும் சேர்ந்து உயர்ந்தால் அது உயிருக்கே ஆபத்தான பக்கவிளைவான புரோபோஃபால் இன்ஃபியூஷன் சிண்ட்ரோமாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

[திரையில்: கேஸ் ஷீட் குறிப்பு, வரி வரியாக.]

“ட்ரைகிளிசரைடு அதிகம், தெரிவிக்கப்பட்டது” என்ற குறிப்பால் அடுத்த ஷிப்டில் வருபவருக்குப் பயனில்லை. இப்படி எழுதலாம்:

“டிபிஎன் 3ஆம் நாள், காலை 6:00. ட்ரைகிளிசரைடு 480 மி.கி./டெ.லி., முந்தையது 142. மாதிரி இடது கையிலிருந்து. எமல்ஷன் வலப்பக்க சென்ட்ரல் லைனில், இரவு 10:00க்கு முடிந்தது. 1% புரோபோஃபால் மணிக்கு 20 மி.லி. ஓடுகிறது. 24 மணி நேர மொத்தக் கொழுப்பு 79.2 கிராம், கிலோவுக்கு 1.32. எமல்ஷன் 156 மி.லி. இன்று நிறுத்தம், டெக்ஸ்ட்ரோஸ் 164 கிராம், மாற்றமில்லை. காலை 8:15க்கு ஐசியூ மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் தெரிவிக்கப்பட்டது. மயக்க மருந்து மாற்றம் பரிசீலனையில். லைபேஸ், சிகே அனுப்பப்பட்டன. மறுபரிசோதனை நாளை காலை 6:00.”

மறுநாள் புரோபோஃபால் நிறுத்தப்பட்டு வேறு மருந்து தொடங்கியது. அதற்கடுத்த நாள் ட்ரைகிளிசரைடு 260. இனி எமல்ஷனை மீண்டும் தொடங்க வேண்டும், ஏனெனில் இப்போது கொழுப்பு எந்த வழியிலும் போகவில்லை. சில வாரங்கள் அப்படியே விட்டால் அத்தியாவசியக் கொழுப்பு அமிலக் குறைபாடு வந்துவிடும். கிலோவுக்கு 0.5 கிராம் என 30 கிராம், அதாவது 150 மி.லி.யை 12 மணி நேரத்தில் கொடுத்து, 48 மணி நேரத்தில் மறுபடி பார்க்கிறோம். மீண்டும் தொடங்கும் அளவும், எந்த எண்ணைத் தாண்டினால் மறுபடி நிறுத்த வேண்டும் என்பதும் அன்றைய டிபிஎன் ஆர்டரிலேயே எழுதப்படுகின்றன.