உப்புத் தண்ணி வந்தால் போர்வெல்லுக்கு முழுக் கூலியா?

[திரையில்: தேவிபட்டினம் பக்கம் ஒரு தோப்பு. போர் வண்டி நிற்கிறது.]

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிக்கு 150 ரூபாய் பேச்சு. தண்ணி வராவிட்டால் பாதிக் கூலி. 180 அடி போட்டாச்சு, தண்ணி கொட்டுது, ஆனால் வாயில் வைக்க முடியலை. "தண்ணி வந்திருச்சேண்ணே" என்று வண்டிக்காரர் 27,000 கேட்கிறார். எழுதிய தாளின்படி அவர் கேட்பது சரிதான்.

தவறு அந்தத் தாளில் இருக்கிறது. தண்ணியே வராத போர் என்பது பாறை ஊர்க் கவலை. ராமநாதபுரம் கடலோரம் மணலும் களிமண்ணும். இங்கே போர் கெடுவது பெரும்பாலும் உப்பால். அதனால் "தண்ணி வராவிட்டால்" என்று மட்டும் எழுதாதீர்கள். "கம்ப்ரசரில் நன்றாகக் கழுவிய பிறகு, இரு தரப்பும் பார்க்க மீட்டரில் டிடிஎஸ் 2,000க்கு மேல் இருந்தால் பாதிக் கூலி" என்று எழுதுங்கள். டிடிஎஸ் என்பது ஒரு லிட்டர் தண்ணியில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்ற அளவு. குடிநீருக்கான இந்தியத் தரத்தில், வேறு வழியே இல்லாத இடத்துக்கு விட்டுக்கொடுக்கும் எல்லை அந்த 2,000தான். நல்ல தண்ணிக்கு 500.

[திரையில்: கடல், மணல்மேடு, உள்ளே மிதக்கும் நல்ல தண்ணி — குறுக்குவெட்டுப் படம்]

அடுத்தது ஆழம். மணல்மேட்டில் நல்ல தண்ணி உப்புத் தண்ணிமேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணி நின்றால், கீழே சுமார் 40 அடிதான் இருக்கும். அதைத் தாண்டும் ஒவ்வொரு அடியும் உங்கள் காசில் உப்பைத் தேடிப் போவது. ஆனால் சில இடங்களில் மேலே உப்பும், களிமண்ணுக்குக் கீழே நல்ல தண்ணியும் உண்டு. அதனால் முதலில் பக்கத்துப் போர்களின் ஆழத்தைக் கேளுங்கள். அவை 60 அடி என்றால், "60 அடிக்கு மேல் உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் போட்ட ஆழத்துக்குக் கூலி இல்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். மேலே சொன்ன போர் 60இல் நின்றிருந்தால் 9,000தான்.

கேசிங் பைப்பைப் போருக்குள் இறக்கிவிட்டால் யாரும் பார்க்க முடியாது. இறக்கும் முன்பே ஒவ்வொரு பைப்பிலும் ஐஎஸ் 12818 என்ற அச்சைப் போட்டோ எடுங்கள். மேலே உப்பு உள்ள இடத்தில் பைப்புக்கு வெளியே இருக்கும் இடைவெளியைக் களிமண் மட்டத்தில் அடைக்கச் சொல்லுங்கள். அடைக்காவிட்டால், எவ்வளவு நல்ல பைப்பானாலும் அந்த இடைவெளி வழியே உப்பு இறங்கும்.

[திரையில்: வாளியில் தெளியும் தண்ணி]

மோட்டார் எரிந்தால் கடைக்காரர், "மணல் வந்திருக்கு, வாரண்டி கிடையாது" என்பார். போர்காரர் மோட்டாரைக் குறை சொல்வார். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது நீங்கள். அதனால் மோட்டார் இறக்கும் முன் ஒரு வாளி தண்ணி பிடித்து அரை மணி நேரம் தெளியவிடுங்கள். அடியில் மணல் தங்கினால், மறுபடி கழுவித் தருவது போர்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். மணல் தங்காத வாளியையும் தேதியோடு படம் எடுத்து, வாரண்டி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.