கூடுதலாக வந்த இரண்டு சைபர்

நேயர்களுக்கு வணக்கம். கேட்காமலே பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று போனில் வருபவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு நடந்ததையே சொல்கிறேன்.

வாடிக்கையாளர் சேவையிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். "ஐயா, உங்கள் கணினிப் பாதுகாப்பு சேவையை நிறுத்திவிட்டோம். நீங்கள் கட்டிய 300 உங்களுக்குத் திரும்ப வரவேண்டும்" என்றார். அப்படி எதையும் வாங்கிய நினைவு பெரியவருக்கு இல்லை. ஆனாலும் வருகிற பணத்தை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

படிவம் நிரப்ப உதவுகிறேன் என்று சொல்லி, AnyDesk என்ற செயலியை இறக்கச் சொன்னார். சில சமயம் TeamViewer என்பார்கள். இவை கெட்ட செயலிகள் அல்ல. அலுவலகங்களில் தூரத்திலிருந்து கணினியைப் பழுதுபார்க்கத் தினமும் பயன்படுகிறவை. அதனால்தான் வைரஸ் தடுப்பு மென்பொருளும் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. திரையில் தெரிந்த எண்ணைப் பெரியவர் படித்துச் சொன்னார், அனுமதி கேட்ட பொத்தானையும் அழுத்தினார். அந்த நொடியிலிருந்து மவுஸ் இரண்டு பேர் கையில்.

அடுத்து, "பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக் கணக்கைத் திறந்து வையுங்கள்" என்றார். கூடவே ஒரு கறுப்புப் பெட்டி திறந்தது. திரும்ப வேண்டிய தொகையை அதில் தட்டச்சு செய்ய வேண்டுமாம். பெரியவர் 300 என்று அடித்தார். திரையில் 30,000 என்று விழுந்தது. இரண்டு சைபரைச் சேர்த்தது மறுமுனையில் இருந்தவர். "ஐயோ, என்ன செய்துவிட்டீர்கள்! கணக்கைப் பாருங்கள்" என்று பதறினார். பார்த்தால், அன்றாடச் செலவுக்கு அவர் வைத்திருந்த கணக்கில் உண்மையிலேயே 30,000 ஏறியிருந்தது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெரியவரின் சேமிப்புக் கணக்கிலிருந்துதான். நடுவில் அவர் திரை கொஞ்ச நேரம் கறுப்பாகிப் போயிருந்தது, அப்போது அவருடைய ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிட்டார்கள். சொந்தக் கணக்குகளுக்குள் மாற்றுவதற்குப் பல வங்கிகள் தனியாக ஓடிபி கேட்பதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. பிரவுசரில் Inspect என்று ஒரு வசதி இருக்கிறது. பக்கத்தில் தெரியும் எழுத்தையும் எண்ணையும் அதில் மாற்றி எழுதலாம். மாறுவது உங்கள் திரையில் மட்டும்தான். வங்கியில் ஒரு காசு நகராது. பக்கத்தை மறுபடி ஏற்றினால் பழைய எண் வந்துவிடும். ஆனால் கணக்கு மாற்றிய தந்திரம் இந்தச் சோதனையில் சிக்காது. அதைக் கண்டுபிடிக்க எல்லாக் கணக்குகளின் இருப்பையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மொத்தம் ஏறவில்லை என்றால் வெளியிலிருந்து எதுவும் வரவில்லை.

பெரியவர் கூட்டிப் பார்க்கவில்லை. மறுமுனையில் அழுகைக் குரல்: "என் வேலை போய்விடும் ஐயா, மிச்சம் 29,700ஐ மட்டும் அனுப்பிவிடுங்கள்." தவறு தன்னுடையது என்று நம்பிய நல்ல மனிதர், ஓடிபியைத் தானே அடித்து அனுப்பினார். ஏமாந்தது பேராசையால் என்று ஊர் சொல்லும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அவரை வீழ்த்தியது அவருடைய நேர்மை. உரிமையாளரே அனுப்பிய பணம் என்பதால், அதை மீட்பதும் கடினமாகிவிடுகிறது.

கைப்பேசியில் இவ்வளவு நாடகம் தேவையில்லை. திரையைப் பகிர்ந்தாலே போதும். பல வங்கிச் செயலிகள் பகிரும்போது கறுப்பாகத் தெரியும், சரி. ஆனால் மேலே வந்து விழும் ஓடிபி குறுஞ்செய்தி பல கைப்பேசிகளில் பளிச்சென்று தெரியுமே!

உண்மையான ரீஃபண்ட் பொதுவாகப் பணம் போன வழியிலேயே திரும்பி வரும். கார்டில் கட்டியது கார்டுக்கே வரும். அதற்கு உங்கள் திரையை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

பாதியில் சந்தேகம் வந்தால் போனில் வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், அல்லது கணினியை அணைத்துவிடுங்கள். பிறகு வேறொரு போனிலிருந்து, கார்டின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியைக் கூப்பிடுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அந்தச் செயலியையும் நீக்க வேண்டும். உங்கள் அனுமதி இல்லாமலே மறுபடி நுழைவதற்கு அதில் ஒரு கடவுச்சொல் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

பெரியவருக்குச் சில வாரம் கழித்து இன்னொரு அழைப்பு வந்தது. "நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம். அந்தச் செயலியை மட்டும் கொஞ்சம் திறங்கள்." ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். இந்த முறை அவர் போனை வைத்துவிட்டார். வைத்த கையோடு கணினியின் ஒயரையும் பிடுங்கிவிட்டாராம்.