சிகரெட் பெட்டியில் மிஞ்சியிருக்கும் 20 வீதம்

அவைக்கு வணக்கம். ஆசிரியர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் விளையாட்டுக் கழகக்காரர்களும் வந்திருக்கிறீர்கள். புகைத்தால் என்னென்ன வருத்தம் வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு ஒரு சின்னப் பொருளைப் பற்றித்தான் பேச்சு: சிகரெட் பெட்டி.

1996இல் இலங்கை வென்ற உலகக் கிண்ணத்தின் முழுப் பெயர் வில்ஸ் உலகக் கிண்ணம். வில்ஸ் என்பது இந்தியாவில் விற்கப்பட்ட ஒரு சிகரெட். அதற்கு முந்திய 1992ஆம் ஆண்டுக் கிண்ணத்துக்கும் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் என்ற சிகரெட்டின் பெயர்தான். அந்தப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஒருவரும் அதை விளம்பரம் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அனுசரணையின் பலமே அதுதான். விளம்பரம் என்றால் பிள்ளை சந்தேகப்படும். விளையாட்டு என்றால் படாது.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இங்கிலாந்தில் 12, 13 வயதுப் பையன்களிடம் பிடித்த விளையாட்டு எது என்று கேட்டுவைத்துக்கொண்டு, ஒரு வருடம் கழித்துத் திரும்பப் போனார்கள். அந்தக் காலத்தில் சிகரெட் பணம் அதிகம் ஓடியது கார்ப் பந்தயத்தில். கார்ப் பந்தயம் பிடிக்கும் என்று சொன்ன பையன்களில் 12.8 வீதம் பேர் வழக்கமாகப் புகைப்பவர்களாகிவிட்டிருந்தார்கள். மற்றவர்களில் 7 வீதம். ஒரு ஆய்வை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஆனால் இப்படிப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்த 19 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் குழு 2011இல் ஒன்றாக வைத்து ஆராய்ந்தபோது, 18இல் ஒரே போக்குத்தான். விளம்பரம் மனதில் பதிந்த, அதை விரும்பிப் பார்த்த பிள்ளைகள் பிறகு புகைத்துப் பார்ப்பது அதிகமாக இருந்தது.

தடை போட்டால் குறைகிறதா? பாதித் தடைக்குப் பலன் இல்லை. 1970 தொடக்கம் 1992 வரை 22 பணக்கார நாடுகளின் கணக்கைப் பார்த்த பொருளியலாளர்கள் இருவர், எல்லா வழியையும் ஒன்றாக அடைத்த நாடுகளில்தான் புகைத்தல் குறைந்தது என்று கண்டார்கள். தொலைக்காட்சியை மட்டும் அடைத்தால் பணம் பத்திரிகைக்குப் போகும். பத்திரிகையை அடைத்தால் மைதானத்துக்குப் போகும். மைதானத்தை அடைத்தால் கடைக்கு வரும். தண்ணீர் போல, சரிவு எங்கே இருக்கிறதோ அங்கே ஓடும்.

எங்கள் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விளம்பரத்தையும் அனுசரணையையும் தடுத்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் தடுத்தது. பிறகு பெட்டியில் 80 வீதத்துக்குப் படத்துடன் எச்சரிக்கை போட வேண்டும் என்று 2012இல் விதி வந்தது. சிகரெட் கம்பனி அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் 50 முதல் 60 வீதம் என்று குறைத்தது. 2015இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80ஐ மீட்டெடுத்தது. ஆக, மிஞ்சியிருப்பது 20 வீதம்.

20 வீதம்தானே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறம் இருக்கிறது. ‘லைட்’, ‘மைல்ட்’ என்ற சொற்களைத் தடைசெய்த நாடுகளில் அந்தச் சொற்கள் சொன்னதைத் தங்க நிறமும் வெள்ளி நிறமும் சொல்லத் தொடங்கின. கடும் சிவப்புப் பெட்டி காரம். வெளிறிய பெட்டி மென்மை, ஆபத்துக் குறைவு. ஒரு எழுத்தும் இல்லாமல் இதைப் பதினாலு வயதுப் பிள்ளை வாசித்துவிடும். எச்சரிக்கைப் படம் எவ்வளவு பெரிதானாலும் இந்த வாசிப்பு நிற்காது.

எச்சரிக்கை போக மிஞ்சும் இந்த நிறப் பகுதியையும் எடுத்த முதல் நாடு அவுஸ்திரேலியா. 2012 டிசம்பர் 1 முதல் அங்கே கடையில் சாதாரணப் பெட்டி மட்டும்தான். சாதாரணப் பெட்டி என்றால் வெள்ளைப் பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வெள்ளை சுத்தமாக, நாகரிகமாகத் தெரியும். அவர்கள் புகைப்பவர்களிடமே பல நிறங்களைக் காட்டி, ஆகக் கூடுதலாக வெறுக்கப்பட்ட ஒரு சேற்றுக் கபில நிறத்தைத் தெரிந்தெடுத்தார்கள். அதன் இலக்கம் Pantone 448C. மினுக்கம் கூடாது. பெயர் எல்லாக் கம்பனிக்கும் ஒரே எழுத்துருவில், ஒரே சாம்பல் நிறத்தில், குறித்த அளவுக்கு மேல் போகாமல். முன்பக்கத்தில் 75 வீதமும் பின்பக்கத்தில் 90 வீதமும் எச்சரிக்கை. சிகரெட்டையும் விடவில்லை: வெள்ளைத் தாள், விரும்பினால் தக்கை நிற வடிகட்டி, அதோடு ஒரு குறியீட்டு இலக்கம். பொன் வளையம், சின்னம், கம்பனிப் பெயர் ஒன்றும் இல்லை. இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். எங்கள் ஊருக்கு முக்கியமானது அதுதான்.

பிள்ளைகளில் என்ன நடந்தது? 2011இலும் 2013இலும், அதாவது முன்னும் பின்னும், விக்டோரியா, குயின்ஸ்லாந்து மாநிலங்களில் 12 முதல் 17 வயது வரையான மாணவர்களிடம் கேட்டார்கள். அண்மையில் பெட்டியைக் கண்டவர்களின் பதிலை ஒப்பிட்டபோது, பெட்டி பிடித்திருக்கிறது என்பது குறைந்தது, அசிங்கம் என்பது கூடியது. சில பெயர்களின் பெட்டி மற்றவற்றைவிட அழகு என்று சொன்னவர்கள் குறைந்தார்கள். ஆனால் எச்சரிக்கையைக் கவனித்து வாசிப்பது பெரிதாகக் கூடவில்லை. எதிர்பார்த்ததில் பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புகைப்பவர் தொகை? அங்கே 12–17 வயதில் முந்திய வாரம் புகைத்தவர்கள் 2011இல் 7 வீதம், 2014இல் 5 வீதம். பெட்டியால்தான் இந்த இரண்டு வீதமும் குறைந்தது என்று மேடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீழ்ச்சி அதற்குப் பல வருடங்களுக்கு முன்னமே தொடங்கிவிட்டது. 2010இல் வரி 25 வீதம் கூட்டப்பட்டது. 2013 டிசம்பரில் இன்னும் 12.5 வீதம். இவற்றைப் பிரித்தெடுத்துப் பார்த்த அரசின் 2016 மீளாய்வு, 14 வயதுக்கு மேற்பட்டோரில் 34 மாதங்களில் நடந்த மொத்த வீழ்ச்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைத்தான் பெட்டி மாற்றத்தின் கணக்கில் போட்டது: 100 பேருக்கு 0.55 பேர். சின்ன எண். ஆனால் நாடு முழுக்கப் பெருக்கினால் ஒரு லட்சத்துக்கு மேல்.

பிரான்சில் 2017இல் பெட்டி மாறியது. 12–17 வயதில் புகைத்துப் பார்த்தவர்கள் 2016இல் 26.3 வீதம், 2017இல் 20.8 வீதம். கவர்ச்சியான எண். ஆனால் அதே காலத்தில் பிரான்ஸ் புகைத்தலை விடுவதற்கான பெரிய பிரசாரத்தையும் நடத்தியது. ஒரு வருடம் முன்னும் ஒரு வருடம் பின்னும் மட்டுமே பார்த்த கணக்கு இது. கொக்ரேன் குழுவின் 2017 மீளாய்வு சொன்ன தீர்ப்புத்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது: கவர்ச்சி குறைகிறது என்பதற்கு ஆதாரம் தெளிவு, புகைப்போர் தொகை குறையக்கூடும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் அது அன்று ஒரே நாட்டிலிருந்து வந்தது.

இனி எங்கள் ஊர். இங்கேதான் சிக்கல். அவுஸ்திரேலியாவில் பெட்டி வேலை செய்த ஒரு வழி, மேசை. வெளியே இருந்து தேத்தண்ணி குடிப்பவர் பெட்டியை மேசையில் வைப்பார். பக்கத்து மேசைப் பிள்ளை பார்க்கும். மெல்பேர்ணிலும் அடிலெய்டிலும் இருந்து எண்ணிப் பார்த்தார்கள். சட்டத்துக்குப் பிறகு மேசையில் தெரிந்த பெட்டிகள் சுமார் 15 வீதம் குறைந்தன; பிள்ளைகள் இருந்த இடங்களில் இன்னும் கூட. திருகோணமலையில் அந்த மேசை இல்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் யாரும் பெட்டி வாங்குவதில்லை. ஒன்று கேட்பார், கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார், கடையிலேயே நெருப்பும் இருக்கும். வாங்குபவர் 80 வீத எச்சரிக்கையையும் காண்பதில்லை, 20 வீத நிறத்தையும் காண்பதில்லை. கையில் இருப்பது சிகரெட் மட்டும். அதில் வளையமும் பெயரும் அப்படியே.

2018இல் எங்கள் அமைச்சரவை சாதாரணப் பெட்டிக்குக் கொள்கையளவில் இணங்கியது, இன்னும் சட்டமாகவில்லை. வரும்போது பெட்டியை மட்டும் மாற்றி, தனிச் சிகரெட்டை விட்டுவிட்டால், பலனில் பெரும் பங்கு இங்கே கசிந்துவிடும். கனடா 2023இல் கொண்டுவந்த விதி இதற்கு ஒரு வழி காட்டுகிறது: ஒவ்வொரு சிகரெட்டிலும், வடிகட்டியைச் சுற்றிய தாளிலேயே எச்சரிக்கை வாசகம். பெட்டி இல்லாமல் விற்றாலும் அது கூடவே போகும். தனியாக விற்பதை நிறுத்துவது அதைவிட நல்லது. ஆனால் ஆயிரக்கணக்கான சின்னக் கடைகளைக் கண்காணிக்க வேண்டும். அச்சடிப்பை ஒரு தொழிற்சாலை வாசலில் கண்காணித்தால் போதும்.

பெட்டிக்கு இங்கே வேலையே இல்லை என்று சொல்லவில்லை. கடையில் அது கண் மட்டத்தில், டொபி போத்தலுக்குப் பக்கத்தில், வரிசையாக முகம் காட்டி நிற்கிறது. சட்டத்துக்குப் பிறகும் மிஞ்சிய விளம்பரப் பலகை அதுதான். எச்சரிக்கைப் படம் விலைச்சிட்டையால் மறைக்கப்பட்டு, நிறப் பகுதி மட்டும் தெரிகிற மாதிரி அடுக்கியிருந்தால், அது தற்செயல் இல்லை என்று பரிசோதகர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

பாடசாலைகளில் அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தொழில்முறைக் குறிப்பு. ‘எத்தனை பிள்ளைகள் புகைக்கிறார்கள்’ என்று தொடங்காதீர்கள். 500 மாணவரில் 4 வீதம் என்றால் 20 பேர். அடுத்த முறை 15 பேர் வந்தால், அந்த ஐந்து பேரின் குறைவு தற்செயலாகவும் வரும். அந்த அளவு மாதிரியில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 1.7 வீதம் பிழை இருக்கும். பெட்டியைப் பற்றிக் கேளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் பெட்டியைக் கண்டாயா, எங்கே, எந்த நிறம் ஆபத்துக் குறைவு என்று நினைக்கிறாய், பெயர் மறைத்த படத்தைக் காட்டினால் எது என்று சொல்ல முடியுமா. இவற்றுக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பதில் சொல்வார்கள். மாற்றம் வந்தால் 500 பேரிலேயே தெரியும். பெயர் எழுதாத தாள், பதில் எழுதும்போது வகுப்பாசிரியர் வெளியே. சட்டம் வருவதற்கு முன் ஒரு தடவையாவது இதைச் செய்து வைக்க வேண்டும். வந்த பிறகு, முந்திய நிலையைத் திரும்பப் போய் அளக்க முடியாது.