நேற்று அந்தக் கை என்ன செய்தது?

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகளுக்குக் கவிதைப் பட்டறை எப்படி நடத்துவது என்று இன்று பேசப் போகிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "கடலைப் பற்றிக் கவிதை எழுது" என்று சொல்லிப் பாருங்கள். மண்டபமோ தொண்டியோ கீழக்கரையோ, எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் "அலையே அலையே, நீ ஒரு கலையே" என்றுதான் தொடங்கும். கடலுக்கு நூறடி தள்ளிக் குடியிருக்கிற பிள்ளை, கருவாடு காயும் மணலில் விளையாடுகிற பிள்ளை, கடலைப் பார்த்தே இராத ஒரு பிள்ளை எழுதக்கூடியதை எழுதிக் கொடுக்கும். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, தலைப்பு அவ்வளவு பெரியது. பெரிய தலைப்பு கொடுத்தால் ஏற்கெனவே கேட்ட வரிதான் கைக்கு வரும்.

அதனால் பட்டறையில் நான் கொடுப்பது சின்னதாக ஒன்று. "உனக்குத் தெரிந்த ஒருவருடைய கை. நேற்று அந்தக் கை என்ன செய்தது?" அவ்வளவுதான். இதில் "நேற்று" என்பதுதான் முக்கியம், அதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். அதை விட்டுவிட்டால் "அம்மா சமைப்பாள், அன்பு காட்டுவாள்" என்று எப்போதும் நடப்பதை எழுதுவார்கள், அது பாராட்டுப் பத்திரம் ஆகிவிடும். நேற்று என்றால் ஒரு தடவை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை நடந்ததற்கு இடம் இருக்கும், நேரம் இருக்கும், கையில் ஏதாவது பொருள் இருக்கும். அப்புறம், "உனக்குத் தெரிந்த ஒருவர்" என்று பொதுவாக விடுவதற்கும் காரணம் உண்டு. அப்பா கை என்று கேட்டுவிடாதீர்கள். நம் கரையில் சில பிள்ளைகளின் அப்பா இலங்கைச் சிறையில் இருப்பார், சிலருக்கு அப்பாவே இருக்கமாட்டார். ஆச்சி கை, பக்கத்து வீட்டு அக்கா கை, எதுவாகவும் இருக்கட்டும்.

ஒரு தடை மட்டும் போடுவேன். அழகு, அன்பு, இனிமை, "போல", இந்த நான்கும் இன்று லீவு என்று பலகையில் எழுதி அடித்துவிடுவேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிடும், ஒருவர் தாளை ஒருவர் சோதிப்பார்கள்.

பாம்பன் பக்கத்தில் ஒரு சிறுமி முதலில் எழுதியது இது: "என் அம்மா நல்லவர். கடலில் பாசி எடுப்பார். எங்களுக்காக உழைப்பார்." தப்பாக ஒன்றும் இல்லை, ஆனால் எந்த அம்மா என்று தெரியவில்லை. இந்த இடத்தில் திருத்தக் கூடாது, கேட்க வேண்டும். அதுவும் "உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சந்தோஷமா இருந்துச்சு" என்று முடித்துவிடும். நான் கேட்டது, "நேற்றுப் போகும்போது விரலில் என்ன கட்டியிருந்தார்?" பாறையில் ஒட்டிய பாசியைப் பிடுங்கும்போது விரல் கிழியாமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்வார்கள், நேயர்களில் பலருக்குத் தெரிந்ததுதான். "பழைய சேலை" என்றது. "என்ன நிறம்?" "ஊதா." "வந்து அவிழ்த்தபோது?" கொஞ்சம் யோசித்துவிட்டு, பதில் சொல்லாமல் தாளை இழுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டது. எழுதியது:

"அம்மா ஊதாச் சேலையக் கிழிச்சு
விரல்ல சுத்திட்டு வல்லத்துல போச்சு.
சாயங்காலம் அவுத்தா
விரல் வெள்ளையா சுருங்கிருந்துச்சு.
அந்த விரலால தல பின்னி விட்டுச்சு.
என் முடியில பாசி வாசம்."

கடைசி வரியை நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் வந்திருக்காது. மூன்று கேள்வியோடு நான் நிறுத்திக்கொண்டேன். நாலாவது கேள்வி கேட்டால் கவிதை நம்முடையதாகிவிடும். "சுருங்கிருந்துச்சு" என்பதையும் "சுருங்கியிருந்தது" என்று மாற்றாதீர்கள், அந்த வீட்டில் பேசுகிற பேச்சு அது.

பட்டறை கெட்டுப்போகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தாள்களை வாங்கிப் பார்த்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே பொருளை எழுதியிருப்பார்கள். நீங்கள் சொன்ன உதாரணம்தான் அது. வலை பின்னுகிற கையை உதாரணமாகச் சொன்னால் எட்டுத் தாளிலும் வலைதான் வரும். அதனால் உதாரணத்தைத் தூரத்திலிருந்து எடுங்கள். பேருந்து நடத்துநர் கை, விரல் இடுக்கில் மடித்த நோட்டு, அது போதும். கடற்கரைப் பிள்ளைக்குக் கடல் உதாரணம் வேண்டாம்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருவரிடமும் போய்க் கேள்வி கேட்க முடியாது. ஒன்றரை மணி நேரத்தில் எழுதுவதற்குப் பன்னிரண்டு நிமிடம் போதும், மீதி பேச்சும் வாசிப்பும். அரைத் தாள் கொடுங்கள், முழுத் தாள் என்றால் நிரப்பப் பார்ப்பார்கள். வாசிக்கும்போது கைதட்ட வேண்டாம், கேட்டவர்கள் மனதில் நின்ற ஒரு பொருளை மட்டும் சொல்லட்டும். பரிசு பற்றியும் பேச நினைத்தேன், நேரம் இல்லை; கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வணக்கம்.