எதை முதலில் நகர்த்துவது? y = 3 − 2√(4 − 2x) வரைபடத்தைப் படிப்படியாக வரைவோம்

(திரையில்: வெற்று வரைபடத்தாள். x அச்சும் y அச்சும் தோன்றுகின்றன. மேலே ஒரு வரி: y = 3 − 2√(4 − 2x))

வணக்கம். இந்தச் சார்பின் வரைபடத்தை வரைய வேண்டும். அட்டவணை போட்டு இருபது புள்ளிகளைக் கணக்கிடத் தேவையில்லை. இதற்குள் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வளைவு ஒளிந்திருக்கிறது. அது y = √x. அதை நகர்த்தி, சுருக்கி, நீட்டி, கவிழ்த்தால் இந்த வரைபடம் வந்துவிடும்.

என் மாணவர்கள் பெரும்பாலோருக்கு இந்த வேலைகள் தனித்தனியாக நன்றாகத் தெரியும். எதை முதலில் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே இந்த வீடியோ முழுவதும் அந்த வரிசையைப் பற்றியதுதான்.

(திரையில்: y = √x வளைவு. (0, 0), (1, 1), (4, 2) ஆகிய புள்ளிகள் சிவப்பில் ஒளிர்கின்றன)

√x வளைவில் மூன்று புள்ளிகளைக் கையோடு வைத்துக்கொள்வோம்: (0, 0), (1, 1), (4, 2). வளைவு எங்கே போனாலும் இந்த மூன்றும் கூடவே போகும். வழி தவறினால் இவைதான் நமக்குக் காட்டிக்கொடுக்கும்.

இப்போது சமன்பாட்டைப் பாருங்கள். வர்க்கமூலக் குறிக்கு உள்ளே இருப்பவை x மீது நடக்கும் வேலைகள். அவை வளைவை இடவலமாக மாற்றும். வெளியே இருப்பவை y மீது நடக்கும் வேலைகள். அவை மேல்கீழாக மாற்றும். இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. உள்ளே உள்ளதை முதலில் முடித்தாலும் சரி, வெளியே உள்ளதை முதலில் முடித்தாலும் சரி, விடை ஒன்றுதான். வரிசைச் சிக்கல் வருவது ஒரே திசையில் நகர்த்தலும் நீட்டலும் சேர்ந்து வரும்போதுதான்.

சிக்கலான உள்பக்கத்திலிருந்தே தொடங்குவோம்.

(திரையில்: 4 − 2x மட்டும் பெரிதாகத் தெரிகிறது)

முதலில் ஒரு அடிப்படை. √(x + 4) என்றால் வளைவு எந்தப் பக்கம் நகரும்? கூட்டல் குறியைப் பார்த்ததும் வலது பக்கம் என்று கை தானாகப் போகும். ஆனால் யோசித்துப் பாருங்கள். √x வளைவு தொடங்குவது உள்ளே 0 இருக்கும்போது. x + 4 எப்போது 0 ஆகும்? x = −4 ஆகும்போது. அதாவது தொடக்கப் புள்ளி 4 அலகு இடப்பக்கம் போய்விட்டது. x உடன் 4 கூட்டப்படுவதால், அதே மதிப்பைப் பெற x 4 குறைவாக இருந்தாலே போதும். √(2x) வளைவு நீளாமல் பாதியாகச் சுருங்குவதும் இதே காரணத்தால்தான்.

இனி படிப்படியாகப் போவோம். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு விதி: x என்ற எழுத்தை மட்டும் மாற்றுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள்.

(திரையில்: வளைவு இடப்பக்கம் நகர்கிறது)

√x இல் x க்குப் பதிலாக x + 4. கிடைப்பது √(x + 4). வளைவு 4 அலகு இடப்பக்கம். புள்ளிகள் (−4, 0), (−3, 1), (0, 2).

(திரையில்: வளைவு y அச்சை நோக்கிச் சுருங்குகிறது)

அதில் x க்குப் பதிலாக 2x. கிடைப்பது √(2x + 4). ஒவ்வொரு x மதிப்பும் பாதியாகிறது: (−2, 0), (−1.5, 1), (0, 2). y அச்சின் மேல் இருந்த மூன்றாவது புள்ளி அசையவில்லை, கவனித்தீர்களா? 0 இல் பாதி 0 தானே.

(திரையில்: வளைவு y அச்சில் பிரதிபலிக்கிறது)

கடைசியாக x க்குப் பதிலாக −x. கிடைப்பது √(4 − 2x). y அச்சில் பிரதிபலிப்பு: (2, 0), (1.5, 1), (0, 2). உள்பக்கம் முடிந்தது.

இங்கே கொஞ்சம் நிற்போம். ஒரு x மதிப்பைக் கொடுத்து 4 − 2x ஐக் கணக்கிடும்போது நாம் முதலில் பெருக்குகிறோம், பிறகுதான் 4 ஐக் கூட்டுகிறோம். வளைவை மாற்றும்போது வரிசை தலைகீழாகிவிட்டது: முதலில் 4, பிறகு 2. ஏன்?

(திரையில்: u = 4 − 2x, அதன் கீழே x = (4 − u) / 2)

உள்ளே இருப்பதை u என்று வைப்போம். √x வளைவில் u என்ற இடத்தில் இருந்த புள்ளி புதிய வரைபடத்தில் எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்க, x ஐப் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்தெடுப்பது என்றால் செய்ததை அவிழ்ப்பது. கடைசியாகப் போட்ட முடிச்சைத்தான் முதலில் அவிழ்க்க முடியும். கடைசியாகச் சேர்ந்த 4 முதலில் விலகுகிறது, அதன் பிறகுதான் −2 ஆல் வகுக்கிறோம்.

இப்போது தவறு எங்கே நேர்கிறது என்று பார்ப்போம்.

(திரையில்: தவறான வளைவு சாம்பல் நிறத்தில்)

ஒருவர் முதலில் பாதியாகச் சுருக்கி √(2x) ஐப் பெறுகிறார். பிறகு 4 அலகு இடப்பக்கம் நகர்த்துகிறார். அவர் 2x + 4 கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார். ஆனால் நகர்த்துவது என்றால் x ஐ x + 4 ஆக்குவது. அப்படியானால் கிடைப்பது √(2(x + 4)), அதாவது √(2x + 8). பிரதிபலித்த பின் வளைவு 2 இல் தொடங்காமல் 4 இல் தொடங்கும். இதைப் பிடிப்பது சுலபம்: அசல் சமன்பாட்டில் x = 4 என்று போடுங்கள். உள்ளே −4 வரும். குறை எண்ணுக்கு மெய்யெண் வர்க்கமூலம் கிடையாது. அங்கே வளைவே இருக்க முடியாது.

சுருக்கிவிட்டுத்தான் நகர்த்துவேன் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. முதலில் காரணிப்படுத்துங்கள்: 4 − 2x = −2(x − 2). பாதியாகச் சுருக்கி, பிரதிபலித்து, பிறகு வலப்பக்கம் 2 நகர்த்துங்கள். 4 இல்லை, 2. (0, 0), (1, 1), (4, 2) மூன்றும் முறையே (2, 0), (1.5, 1), (0, 2) என்று அதே இடத்துக்கு வந்து சேரும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். தொடக்கப் புள்ளி 2 என்பது சமன்பாட்டிலேயே கண்ணுக்குத் தெரிகிறது.

(திரையில்: 3 − 2√(4 − 2x), 3 உம் −2 உம் ஒளிர்கின்றன)

வெளிப்பக்கம் எளிது. இங்கே எதையும் அவிழ்க்கவில்லை, கணக்கிடும் வரிசையிலேயே போகலாம். வர்க்கமூலம் கிடைத்ததும் 2 ஆல் பெருக்குகிறோம்: வளைவு மேல்நோக்கி இருமடங்கு நீள்கிறது. கழித்தல் குறி அதை x அச்சில் கவிழ்க்கிறது. இந்த இரண்டில் எது முன்னால் வந்தாலும் பரவாயில்லை. 3 ஐ மட்டும் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே 3 ஏற்றிவிட்டு நீட்டிக் கவிழ்த்தால் அந்த 3 உம் சேர்ந்து இருமடங்காகிக் கவிழும். +3 க்குப் பதிலாக −6 வந்து நிற்கும்.

(திரையில்: புள்ளிகள் ஒவ்வொன்றாக இறுதி இடத்தில் அமர்கின்றன)

ஆக y மதிப்புகள்: 0 என்பது 3 ஆகிறது, 1 என்பது 1 ஆகவே நிற்கிறது, 2 என்பது −1 ஆகிறது. இறுதிப் புள்ளிகள் (2, 3), (1.5, 1), (0, −1). வளைவு (2, 3) இல் தொடங்கி இடப்பக்கமாகக் கீழே இறங்குகிறது.

சரிபார்க்க, இதுவரை தொடாத ஒரு புள்ளியை எடுப்போம். √x வளைவில் (9, 3). அது போக வேண்டிய இடம்: x மதிப்பு (4 − 9) / 2 = −2.5, y மதிப்பு 3 − 2 × 3 = −3. இப்போது அசல் சமன்பாட்டில் x = −2.5 போடுங்கள். உள்ளே 4 + 5 = 9. வர்க்கமூலம் 3. 3 − 6 = −3.

(திரையில்: (−2.5, −3) என்ற புள்ளி வளைவின் மேல் ஒளிர்கிறது)